கேள்விக்குறிகளின் பட்டியல்

“இன்னொரு தடவை தட்டுங்க தம்பி” என்றாள் அவள். என்ன வரும் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் புது மென்பொருள் போட வந்திருந்த கம்பெனிக்காரன் என்டரைத் தட்டினான். விரலில் பிஸ்கட் பொடி ஒட்டியிருந்தது. திரையில் பதினோராவது தடவையாக அதே வரி வந்து நின்றது.

Incorrect string value: '\xE0\xAE\xAA\xE0\xAE\xBE...' for column 'name' at row 1

“உங்க ஃபைல்ல ஏதோ குப்பை இருக்குக்கா.”

“குப்பை இல்ல. அது ஒரு மனுஷியோட பேரு. பகரமும் துணைக்காலும். ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட்டு, ஆக ஆறு. டேபிள் அதை வாங்க மாட்டேங்குது.”

“டேபிள் யாரு பண்ணினது?”

“நான்தான்.”

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு விரல்களைத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டான். அந்த அறையின் ஒரே திரைச்சீலை அது. போன மாதம்தான் அவள் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. சுவரின் இந்தப் பக்கம் சர்வர். அந்தப் பக்கம் அழுக்குத் துணி வண்டிகள் நிற்கும் இடம். ரத்தமும் சீழும் பட்ட துணிகள் காலை பதினொரு மணிவரை அங்கேதான் ஊறிக்கொண்டிருக்கும். வாடை சுவரைத் தாண்டி வரும். சர்வருக்கு ஏசி போட்டிருந்ததால் வாடையும் குளிர்ந்துதான் வரும். ஏசி ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க யாரோ ஒரு பழைய பெட்பேனை வைத்திருந்தார்கள். எட்டு வருடமாக அதுதான் இருக்கிறது. அவள் அதைத் தினமும் காலையில் வந்ததும் கொட்டுவாள். அதற்கு உத்தரவு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ‘டைப்பிஸ்ட் அக்கா’. இருபத்து மூன்று வயதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்தைந்து. டைப்ரைட்டர்களை எடைக்குப் போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த கணினி இன்ஜினியர் ஒருவர், பாதியில் வேறு வேலை கிடைத்துப் போகும்போது, ஒரு தடிப் புத்தகத்தையும் எல்லாவற்றையும் திறக்கும் ரூட் பாஸ்வேர்டு எழுதிய சீட்டையும் அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். “நீங்க ஒருத்தர்தான் இங்க எதையும் படிக்கறீங்க” என்றார். அன்றிலிருந்து வருகைப் பதிவும் பணியாளர் பட்டியலும் அவள் கையில். வேலை மாறியது. பதவிப் பெயர் மாறவில்லை. ‘கணினிப் பிரிவு உதவியாளர்’ என்று மாற்றக் கேட்டு அவள் எழுதிய மனு நிர்வாக அதிகாரியின் மேஜையில் பதினோரு மாதமாகக் கிடந்தது.

பணியாளர் டேபிளை, அதாவது கணினியில் பெயர்கள் இருக்கும் அட்டவணையை, அவள் உருவாக்கியது பதினாலு வருடத்துக்கு முன்னால். எழுத்துத்தொகுதி என்ன என்று அவள் எதுவும் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் அந்தக் கால MySQL டேட்டாபேஸ் தானாகவே latin1 என்று வைத்துக்கொள்ளும். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டுமே அதில் இடம். பெயர்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறைக்குக் கொலேஷன் என்று பெயர். அதுவும் தானாக வந்து உட்கார்ந்தது: latin1_swedish_ci. ஸ்வீடன்காரர்களின் அகரவரிசை. நானூறு துப்புரவுப் பணியாளர்களை அவள் பதினாலு வருடமாக ஸ்வீடன் வரிசையில் நிறுத்திவைத்திருந்தாள். எல்லாப் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடித்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இப்போது மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பத்து வருடத்துக்கு மேல் தினக்கூலியாக இருக்கும் துப்புரவுப் பணியாளர்களை நிரந்தரம் செய்யப்போகிறார்கள். அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் தமிழில் இருக்க வேண்டும். பட்டியல் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வரும் பெயர் எடுத்துக்கொள்ளப்படாது.

நானூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டு வாரமாக அவள் மாடி மாடியாகப் போய் ஒவ்வொருவரின் அட்டையையும் பார்த்து அடித்துக்கொண்டு வந்தாள். முதல் வரியில் இருந்தது மூணாம் மாடியில் துடைப்பவள். அவளை எல்லோரும் ‘மூணாம் மாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டியல் அவளிடமிருந்து தொடங்கியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. அன்று லிஃப்ட் மூணாம் மாடியில் நின்றுவிட்டது.

இப்போது கம்பெனியின் புது மென்பொருள் திணறிக்கொண்டிருந்ததும் அந்த முதல் வரியில்தான்.

“டேட்டாபேஸையே utf8mb4-க்கு மாத்திட்டேனே, அதுல தமிழும் ஏறும். காலையிலயே மாத்தியாச்சு” என்றான் கம்பெனிக்காரன்.

“டேட்டாபேஸை மாத்தினா இனிமே பிறக்கப்போற டேபிளுக்குத்தான் அது. ஏற்கெனவே இருக்கிற டேபிள் இருந்தபடியேதான் இருக்கும். டேபிளை மாத்தணும்.”

“மாத்துங்களேன்.”

“மாத்தற நேரத்துல வருகைப் பதிவு நிக்கும். சாரைக் கேக்கணும்.”

நிர்வாக அதிகாரிக்கு முதுகுக்குப் பின்னால் ‘முத்திரை’ என்று பெயர். எந்தக் காகிதத்தையும் படிக்கமாட்டார். முத்திரை மட்டும் தானே குத்துவார், யாரிடமும் விடமாட்டார். அவர் அறையில் குழாய் விளக்கு விர்ரென்று பாடிக்கொண்டிருந்தது. பேனா மூடியால் காது குடைந்துகொண்டே கேட்டார்.

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி நேரம் போதும் சார். பதினோரு மணிக்கு ஷிஃப்ட் மாத்தம் கிடையாது. யாரும் விரல் ரேகை வைக்க வர மாட்டாங்க. முதல்ல பேக்கப் எடுத்துட்டு—”

“வருகைப் பதிவு ஒரு நிமிஷம் நின்னாலும் எனக்குக் கேள்வி வரும்மா. நீங்க வந்து பதில் சொல்வீங்களா?”

“சொல்றேன் சார்.”

“நீங்க டைப்பிஸ்ட்டு.” பேனா மூடியை வெளியே எடுத்துப் பார்த்தார். நுனியில் இருந்ததை மேஜை விளிம்பில் வழித்துவிட்டு மறுபடி பேனாவில் மாட்டினார். “கம்பெனி ஆளு இருக்கான்ல? அவன் பாத்துப்பான். நீங்க போய் நாலாம் மாடி லீவு லிஸ்ட்டை முடிங்க.”

அவள் நாலாம் மாடிக்குப் போனாள். அந்த மேஜை விளிம்பில்தான் தினமும் தான் கையை ஊன்றிக் கையெழுத்து வாங்குவது என்பது படியேறும்போது நினைவுக்கு வந்தது. குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினாள்.

அவள் திரும்பி வந்தபோது மணி மூன்று. அறையில் கம்பெனிக்காரன் இல்லை. பிஸ்கட் உறை பெட்பேனில் மிதந்தது. திரையில் பச்சை எழுத்தில் இருந்தது: 412 பதிவுகள் ஏற்றப்பட்டன.

பிழை இல்லை. சிவப்பு வரி இல்லை. டேபிளை மாற்றாமல் அந்தப் பிழை போயிருக்க வழியே இல்லை.

உட்கார்ந்து பார்ப்பதற்குள் வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. மூணாம் மாடி நின்றாள். கையில் துடைப்பக் கட்டை. சீருடையின் முன்பக்கம் ஈரம்.

“டைப்பிஸ்டக்கா, நான் போலியாம்.”

“யாரு சொன்னது?”

“சார் கூட்டம் போட்டுச் சொல்றாரு. கம்பியூட்டர் கண்டுபிடிச்சிடுச்சாம். நானூத்திப் பன்னெண்டுல எரநூத்தி எண்பத்தொரு பேரு ரெட்டைப் பதிவாம். ஒரே ஆளு ரெண்டு பேர்ல, மூணு பேர்ல கூலி வாங்கறோமாம். திங்கக்கிழமையிலிருந்து வரவேண்டாங்கறாரு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “பதினாலு வருஷமா ஒருத்தியா இந்த மாடியைத் துடைக்கவே இடுப்பு விட்டுப்போச்சு. ரெண்டு பேரா வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும், இல்ல?”

“சிரிக்காதே.”

“சிரிக்கலைக்கா. வேற என்ன பண்றதுன்னு தெரியல. பையன் காலேஜ்ல அம்மாவுக்கு நிரந்தரம்னு எழுதிக் குடுத்துட்டான். நான்தான் எழுதச் சொன்னேன்.”

“என் கிட்ட அட்டையக் காட்டின இல்ல? என் கையால அடிச்சேன். முதல் வரி நீதான்.”

“அப்ப முதல் வரியிலயே தூக்கிட்டாங்களா?” என்றாள் மூணாம் மாடி.

அவள் டேபிளைத் திறந்து பெயர்களை வரிசையாக வரவழைத்தாள். மூணாம் மாடி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் இதைப் படிக்க எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை.

?. ???????

??. ?????

?. ???????

“இது என்னக்கா, எல்லாம் கொக்கி கொக்கியா?”

“கேள்விக்குறி.”

“இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளி மட்டும் சரியா இருக்கே.”

“ஆமா. புள்ளி latin1-ல உண்டு. நீங்கதான் இல்ல.”

கம்பெனிக்காரன் செய்திருந்ததைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவனுடைய நிரல் டேட்டாபேஸோடு இணையும் இடத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தான். அந்த வரி கறாரான பயன்முறையை அணைத்துவிடும். கறார் இருக்கும்வரை, வைக்க முடியாத எழுத்து வந்தால் MySQL அந்த வரியையே மறுத்துப் பிழை சொல்லும். கறாரை எடுத்துவிட்டால் சண்டை போடாது. வைக்க முடியாத ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, யாரும் படிக்காத இடத்தில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, ஏற்றியாயிற்று என்று சொல்லிவிடும். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் அப்படித்தான் ஏறியிருந்தார்கள்.

அதன் பிறகு அவனுடைய நிரலில் இருந்த ‘போலி நீக்கி’ ஓடியிருக்கிறது. ஒரே பெயர், ஒரே சேர்ந்த தேதி என்றால் ஒரே ஆள் என்பது அதன் கணக்கு. கடைசியாகப் பதிந்ததை வைத்துக்கொண்டு முந்தியவற்றை அழித்துவிடும். ஆஸ்பத்திரியில் துப்புரவுக்கு ஆள் எடுப்பது கூட்டம் கூட்டமாகத்தான். ஒரே நாளில் எழுபது எண்பது பேர் சேர்வார்கள். அதே நாளில் சேர்ந்து, பெயரில் அதே எண்ணிக்கையில் குறிகள் இருந்தால் போதும். ஏழு கேள்விக்குறியும் ஏழு கேள்விக்குறியும் ஒன்றுதானே. மூணாம் மாடியோடு ஒரே தேதியில் சேர்ந்த ஏழு குறிப் பெண்கள் ஒன்பது பேர் ஒருத்தியாகியிருந்தார்கள். மிஞ்சியவள் பிணவறைப் பக்கம் கூட்டுபவள்.

கம்பெனிக்காரன் டீ குடித்துவிட்டு வந்தான். அவள் திரையைக் காட்டினாள்.

“இது ஃபான்ட் பிரச்சனைக்கா. உங்க சிஸ்டத்துல தமிழ் ஃபான்ட் சரியில்ல. மேலிடத்துல திறந்தா அழகாத் தெரியும்.”

“ஃபான்ட் இல்லைன்னா கட்டம் கட்டமா வரும். இங்க பாருங்க.” பெயர்களை HEX வடிவில், அதாவது உள்ளே பதிந்திருக்கும் பைட்டுகளாகவே, கேட்டாள். 3F2E203F3F3F3F என்று தொடங்கியது. “3F-ங்கறது கேள்விக்குறியேதான். உள்ளே இருக்கறதே அதுதான். எந்த ஃபான்ட்டைக் கொண்டுவந்து போட்டாலும் இதுல இருந்து ஒரு பேரும் திரும்பி வராது.”

அவன் மூணாம் மாடியைப் பார்த்தான். பிறகு டைப்பிஸ்ட் அக்காவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். “சாருக்கு ரொம்ப சந்தோஷம்க்கா. கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கறேன்னுட்டாரு. எதுக்கு இப்ப?”

“பேரை அழிச்சிருக்கீங்க தம்பி.”

“எர்ரர் போச்சா இல்லையா?”

அவள் பெட்பேனிலிருந்து பிஸ்கட் உறையை இரண்டு விரலால் எடுத்து அவன் பையின் மேல் வைத்தாள். அவன் முகம் சுளித்தான்.

மூணாம் மாடி வாளியை எடுத்தாள். “நான் போய் மிச்சத்தைத் துடைக்கறேன். திங்கக்கிழமை வரைக்கும் இருக்கேன்ல.”

வீட்டில் கணவர் கேட்டார், “முகம் ஏன் இப்படி இருக்கு?” பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொன்னாள். முழுவதும் கேட்டுவிட்டு, “சரி, உன் டேபிள்லயும் ஒரு தப்பு இருக்கு” என்றார்.

“இருக்கு. அதான் எரியுது.”

“பதினாலு வருஷம் முன்னால பண்ணினது.”

“பதினாலு வருஷமும் தினம் பாத்தேன். எடுத்துப் பாத்து மாத்தியிருக்கலாம். ஆங்கிலத்துல அடிச்சாப் போதும்னு இருந்தேன். இதுல அவனைத் திட்டறேன்.”

“அவன் எர்ரரை மறைச்சான். நீ எர்ரரை வெச்சே. ரெண்டும் ஒண்ணாகாது.” வெண்டைக்காயின் கொழகொழப்பைக் கத்தியிலிருந்து வழித்தார். “உத்தரவு இல்லாம அந்த டேபிளை மாத்தினா என்ன ஆகும்?”

“மனு போகும்.”

“டைப்பிஸ்ட்டைத்தானே கட்டிக்கிட்டேன். டைப்பிஸ்ட்டாவே இருந்துட்டுப் போ. எனக்கு ஆட்சேபணை இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு யாரையும் கேட்காமல் வருகைப் பதிவை நிறுத்தினாள். வாசலில் ஒரு காகிதம் ஒட்டினாள்: அரை மணி நேரம் நோட்டில் கையெழுத்துப் போடவும். கம்பெனிக்காரன் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வருகிறவன் இல்லை.

முதலில் பேக்கப். இரண்டு இடத்தில் வைத்தாள். பிறகு டேபிளின் நகல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தாள். அப்புறம் அசலில். டேபிளின் எல்லா எழுத்துப் பத்திகளையும் utf8mb4-க்கு மாற்றும் ஒரே கட்டளை. கொலேஷன் utf8mb4_unicode_ci. நாலாயிரம் பழைய வரிகளும் இருந்ததால் சில நொடி பிடித்தது. ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள் அப்படியே இருந்தன. பதினாலு வருடம் போட்டுவைத்திருந்ததை மாற்ற ஏழு நொடி.

கேள்விக்குறி வரிகளை அழித்தாள். தன் பழைய நிரலில் தன் ஃபைலை வைத்து முதல் வரியை மட்டும் ஏற்றிப் பார்த்தாள். ஏறியது. திரும்பக் கேட்டதும் மூணாம் மாடியின் பெயர் முழுசாக, அழகாக வந்தது.

அங்கேயே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. HEX கேட்டாள். E0AEAA என்று தொடங்கியிருக்க வேண்டும். C3A0C2AEC2AA என்று தொடங்கியது.

அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள். டேபிள் திருந்திவிட்டது. இணைப்பு திருந்தவில்லை. அவளுடைய பழைய நிரல் இணையும்போதே ‘நான் அனுப்புவது latin1’ என்று சொல்லிக்கொண்டு இணைகிறது. அனுப்புவதோ தமிழ். MySQL அந்தச் சொல்லை நம்பி, ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக எடுத்து, அதை மறுபடி utf8mb4 ஆக்கி வைத்துவிட்டது. திரும்பக் கேட்கும்போது அதே பொய் திசை மாறி நடக்கிறது. அதனால் அவள் திரையில் மட்டும் சரியாகத் தெரிகிறது. ஒழுங்காக இணைகிற வேறு எந்த இடத்தில் திறந்தாலும் à®ª என்று குப்பையாகத்தான் வரும். நேற்றையதைவிட இது மோசம். கேள்விக்குறியாவது பார்த்தவுடன் தெரிகிறது.

character_set என்று தொடங்கும் மாறிகளை எல்லாம் வரவழைத்துப் பார்த்தாள். client, connection, results மூன்றும் latin1. மூன்றையும் சேர்த்து மாற்றும் SET NAMES utf8mb4 என்ற கட்டளையை அடித்தாள். நிரலின் இணைப்பு வரியிலும் அதையே எழுதிவைத்தாள். அந்த ஒரு வரியை அழித்து மறுபடி ஏற்றினாள். HEX கேட்டாள். E0AEAA. அடுத்தது E0AEBE. நேற்று பிழையில் வந்த அதே ஆறு பைட்டு. இப்போது உள்ளே உட்கார்ந்திருந்தன.

மீதி நானூற்றுப் பதினொன்றையும் கறாரை அணைக்காமலே ஏற்றினாள். ஒரு பிழையும் வரவில்லை. எச்சரிக்கை எத்தனை என்று கேட்டாள். சுழியம்.

அடையாள அட்டைகளின் படத்தையும் அதிலுள்ள பெயரையும் வைத்திருந்த டேபிளோடு பெயருக்குப் பெயர் ஒப்பிடப் போனபோது ‘Illegal mix of collations’ என்று இன்னொரு பிழை. அது கம்பெனி உருவாக்கிய டேபிள். அதன் கொலேஷன் utf8mb4_general_ci. எழுத்துத்தொகுதி ஒன்றுதான். எது எதற்குச் சமம் என்ற விதி வேறு. எந்த விதிப்படி ஒப்பிடுவது என்று MySQL தானாக முடிவு செய்யாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரே ஆள் இந்தக் கட்டடத்தில் இதுதான் என்று அவள் நினைத்தாள். ஒப்பிடும் கட்டளையிலேயே இன்ன கொலேஷன் என்று எழுதினாள். நானூற்றுப் பன்னிரண்டும் பொருந்தின.

பதினொன்று இருபத்தெட்டுக்கு வருகைப் பதிவு மறுபடி ஓடியது. நோட்டில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. தோட்டக்காரர்.

மூன்று மணிக்கு நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனாள். ஒரு கையில் நேற்றைய பட்டியல், ஒரு கையில் இன்றைய பட்டியல். கம்பெனிக்காரன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். அவர் இரண்டையும் பார்த்தார். பார்த்தார் என்றால், முதல் பக்கத்தை.

“அப்ப போலி யாருமே இல்லையா?” என்றார்.

“இல்ல சார்.”

“ஒருத்தர் கூடவா?”

“ஒரே பேர்ல, ஒரே தேதியில சேர்ந்தவங்க மூணு பேரு உண்டு. மூணு பேரும் வேற வேற ஆளு. வேணும்னா வரிசையா நிறுத்தறேன். பேரை வெச்சு ஆளை அழிக்கக் கூடாது சார், பணியாளர் எண்ணை வெச்சுத்தான் பாக்கணும்.”

அவர் முகத்தில் இருந்தது வருத்தம். நானூறு பேரும் உண்மையான மனிதர்கள் என்பதில் அவருக்கு ஏற்பட்ட வருத்தம். அவள் அதை நேராகப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“நேத்தே மேலிடத்துக்கு அனுப்பியாச்சும்மா. எரநூத்தி எண்பத்தொரு போலியைக் கண்டுபிடிச்சோம்னு கடிதமும் போட்டாச்சு. பாராட்டி போன் வந்தது.”

“அஞ்சு மணிக்குள்ள திருத்தின பட்டியல் அனுப்பலாம் சார். அதுக்கப்புறம் எடுத்துக்க மாட்டாங்க.”

“என்ன காரணம் சொல்லி அனுப்ப?”

“நடந்ததைச் சொல்லி.”

கம்பெனிக்காரன் காலாட்டுவதை நிறுத்தினான். “சார், எங்க மென்பொருள் ஒழுங்காத்தான் வேலை செஞ்சது. டேபிள் பழசு. அக்காவே ஒத்துக்கிட்டாங்க, அவங்க பண்ணினதுன்னு.”

“ஆமா” என்றாள். “டேபிள் தப்பு என்னோடது. பேரை அழிச்சது உங்களோடது.”

“கம்பெனி பேரை இழுக்க வேண்டாம்” என்றார் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றி வாயால் ஊதித் துடைத்தார். கண்ணாடியில் அவர் வாயின் ஈரம் வட்டமாகத் தெரிந்தது. “ஒப்பந்தம் கையெழுத்தாகிற நேரம். என் பேரையும் இழுக்க முடியாது. தட்டச்சுப் பிழைன்னு போடுங்க. டைப்பிஸ்ட்டோட கவனக்குறைவு. உங்க விளக்கத்தையும் சேர்த்து அனுப்பறேன். ஒரு வரி போதும்.”

“அது என் பணிப்பதிவேட்டுக்குப் போகும்.”

“போகும்தான்.”

“மனு?”

“கவனக்குறைவு ஒண்ணு பதிவாயிருந்தா மனு எப்படிம்மா நகரும்? விதி இருக்கே.” கொஞ்சம் யோசித்தார். “இல்லேன்னா விட்டுடுங்க. நூத்தி முப்பத்தொரு பேருக்கு நிரந்தரம் கிடைக்கும். அதுவும் நல்ல காரியம்தானே.”

வெளியே வராந்தாவில் துடைப்பம் இழுபடும் சத்தம் கேட்டது. யாருடைய மாடி என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவளே உட்கார்ந்து அடித்தாள். தமிழில், ஒரு பத்தி. பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும்போது தட்டச்சரின் கவனக்குறைவால் பிழை ஏற்பட்டது, திருத்திய பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு காகிதத்தில்கூட அவள் எழுத்துப் பிழை விட்டதில்லை. இதிலும் விடவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனிக்காரன் எட்டிப் பார்த்தான். “பெரிய மனசுக்கா உங்களுக்கு.”

“வாயை மூடுங்க தம்பி.”

அதிகாரி முத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். மைப்பஞ்சு காய்ந்திருந்தது. நாக்கைத் தொட்டு விரலை நனைத்து அதில் தேய்த்தார். பிறகு அவள் கையெழுத்தின் மேல் பாதியும் காகிதத்தில் பாதியுமாகக் குத்தினார். விரலில் ஒட்டிய மையைக் கடிதத்தின் மூலையில் துடைத்தார்.

அவள் அந்தக் காகிதத்தை ஓரத்தில் பிடித்து எடுத்துப்போய் ஸ்கேன் செய்து, பட்டியலோடு அனுப்பினாள். மணி நாலு நாற்பது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. இணைப்பில் வந்த பட்டியலை வேறொரு கணினியில் திறந்து பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வரி. கேள்விக்குறி எதுவும் இல்லை. முதல் வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டரைக்கு வந்தாள். பெட்பேனைக் கொட்டினாள். அறிவிப்புப் பலகையில் திருத்திய பட்டியலை ஒட்டியிருந்தார்கள். மூணாம் மாடி தன் வரியின் மேல் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள், பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். பத்து மணிக்குக் கம்பெனியின் ஒப்பந்தம் கையெழுத்தானது. கம்பெனிக்காரன் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தான். அவள் எடுக்கவில்லை. பதினோரு மணிக்கு அவளுடைய மனு மேலே ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அதை ஃபைலில் போட்டாள். கம்பெனியின் நிரலில் கறாரை அணைக்கும் வரி இன்னும் இருந்தது. அதை எடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதி அனுப்பினாள். மாலைவரை பதில் இல்லை. ஐந்தரைக்குத் திரைச்சீலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.